86 ஆர்டர் நிலுவை, ஆறு ஸ்லைடு: ஒரு மன்னிப்பு கேரசல் உருவான விதம்

எடுத்துக்கொண்ட கடை சின்னது. கையால் தைத்துக் கட்டும் நோட்டுப் புத்தகங்கள், இன்ஸ்டாகிராம் வழியாக விற்பனை, வேலை செய்வது இருவர். ஒருவர் கட்டுகிறார்; மற்றவர் பொட்டலம் கட்டி அனுப்புவதோடு செய்திகளுக்கும் பதில் சொல்கிறார். மே 12 முதல் 31 வரை வந்த 150 ஆர்டர்களில் 64 போய்விட்டன, 86 நிற்கின்றன. ஞாயிறு ஜூன் 1 மாலை, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கும் கேரசல், அதாவது பல ஸ்லைடுகளைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் இன்ஸ்டாகிராம் பதிவு, வெளியாக வேண்டும். அதற்கு முன் நடந்த வேலையும், அது ஏன் அந்த வரிசையில் நடந்தது என்பதும் கீழே இருக்கின்றன.

முதலில் எண்ணிக்கை

டிசைன் செயலியைத் திறப்பதற்கு முன் 86 ஆர்டரும் ஒரே ஷீட்டில் வர வேண்டும். ஒரு வரிக்கு ஒரு ஆர்டர்: எண், ஆர்டர் தேதி, சாதாவா பெயர் பொறித்ததா, இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது. கடைசிப் பத்தியை நினைவிலிருந்து நிரப்பக் கூடாது. அலமாரிக்குப் போய்க் கையால் தொட்டு எண்ணித்தான் நிரப்ப வேண்டும். நினைவில் 'கிட்டத்தட்ட முடிந்தது' என்று இருப்பது அலமாரியில் முதுகு ஒட்டாத கட்டாக இருக்கும்.

எண்ணியதில் 86 மூன்றாகப் பிரிந்தது. கட்டி முடித்து, பொட்டலம் மட்டும் பாக்கி என்பவை 30. இன்னும் கட்டாத சாதாப் புத்தகங்கள் 39. அட்டைத் துணி தீர்ந்துபோனதால் தொடங்கவே முடியாத, பெயர் பொறிக்கும் புத்தகங்கள் 17. 

இனி வேகம். சாதாப் புத்தகம் ஒரு நாளைக்கு 6 கட்டலாம், பெயர் பொறிப்பது 4. கட்டியது ஒரு முழு நாள் அழுத்தப் பலகையில் இருந்தாக வேண்டும். பொட்டலம் ஒரு நாளைக்கு 15 போகும். ஞாயிறு விடுமுறை.

30 பொட்டலத்துக்கு 2 நாள். 39 புத்தகத்தை 6 வீதம் கட்ட 7 நாள், கடைசிக் கட்டு எட்டாம் நாள் பலகையில், ஒன்பதாம் நாள் அனுப்பல். பெயர் பொறிப்பவை எட்டாம் நாள் தொடங்குகின்றன. 17-ஐ 4 வீதம் முடிக்க 5 நாள், பன்னிரண்டாம் நாள் கட்டி முடிந்து, பதிமூன்றில் காய்ந்து, பதினான்கில் கிளம்பும். கையில் இருப்பது 2, 9, 14 என்ற மூன்று எண்கள்.

இந்த எண்களை அப்படியே ஸ்லைடில் போடுவதுதான் இந்த வகைப் பதிவுகளில் அதிகம் நடக்கும் தவறு. ஒருவருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் போதும், மன்னிப்புக் கேட்ட பதிவே இரண்டாம் பொய்யாகிவிடும். ஒருமுறை தவறிய தேதியை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். மன்னிப்போடு சேர்த்துக் கொடுத்த தேதி தவறினால் கணக்குத் தீர்ந்தது. அதனால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். 9 என்பது 12 ஆகிறது, 14 என்பது 18 ஆகிறது. இரண்டே நாள் வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது ஒரு நாள்கூட ஆகாது; சின்ன எண்ணுக்குச் சலுகை அதிகம் வேண்டும் என்பதால் அதை 5 ஆக வைத்தோம்.

வேலை நாளை நாட்காட்டித் தேதியாக்க ஷீட்டிலேயே வழி இருக்கிறது. கீழே இருக்கும் `WORKDAY.INTL` சூத்திரத்தின் கடைசியில் வரும் 11 என்ற எண் 'ஞாயிறு மட்டும் விடுமுறை' என்பதைக் குறிக்கும். தொடக்கத் தேதியாக வேலை தொடங்கும் நாளுக்கு முந்தைய நாளைக் கொடுக்க வேண்டும். ஜூன் 2-ஐக் கொடுத்தால் எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும்.

```
=ROUNDUP(39/6, 0)
=WORKDAY.INTL(DATE(2025,6,1), 12, 11)
=WORKDAY.INTL(DATE(2025,6,1), 18, 11)
```

முதல் வரி 7 தருகிறது. அடுத்த இரண்டும் ஜூன் 14, ஜூன் 21. முதல் குழுவுக்கு ஜூன் 6.

பலவீனமான கண்ணி எது

மூன்று தேதிகளில் ஜூன் 21 மட்டும் அடுத்தவர் கையில் இருக்கிறது. துணி ஜூன் 7-ஆம் தேதி வரும் என்று விநியோகஸ்தர் சொல்லியிருக்கிறார். நமக்குத் தேவைப்படுவது ஜூன் 10, அதாவது எட்டாம் வேலை நாள். கூட்டி வைத்த நான்கு நாளையும் சேர்த்தால் ஜூன் 14 காலை தொடங்கினால்கூட 21-ஐப் பிடித்துவிடலாம். ஆகவே எல்லைக்கோடு ஜூன் 13 மாலை. அதற்குள் துணி கைக்கு வரவில்லை என்றால் 21 நிற்காது, அன்றிரவே அந்த 17 பேருக்கும் செய்தி போக வேண்டும். இந்த எல்லைக்கோட்டைக் கேரசலில் எழுத வேண்டியதில்லை. அனுப்புபவர் தன் நாட்காட்டியில் குறித்து வைத்தால் போதும். அது இல்லாமல் 21 வரை நம்பிக்கொண்டே இருந்துவிட்டு 22-ஆம் தேதி மன்னிப்புக் கேட்பதுதான் வழக்கமாக நடப்பது.

இன்னொன்று: கொடுக்கும் தேதி கூரியரிடம் ஒப்படைக்கும் தேதியாக மட்டும் இருக்க வேண்டும். வீடு போய்ச் சேரும் நாள் நம் கையில் இல்லை. 'ஜூன் 14-க்குள் கிடைக்கும்' என்பதற்கும் 'ஜூன் 14-க்குள் அனுப்பிவிடுவோம், அதன்பின் கூரியர் நேரம் தனி' என்பதற்கும் நடுவில்தான் பாதிச் சண்டை நடக்கிறது.

குழுவை வாடிக்கையாளர் கண்ணால் பிரிப்பது

'கட்டியவை', 'கட்டாதவை', 'துணி இல்லாதவை' என்பது கடைக்குள் புரியும் பிரிவு. வாங்கியவருக்குத் தன் புத்தகம் கட்டியாகிவிட்டதா என்று தெரியாது. அவருக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: எப்போது ஆர்டர் செய்தேன், என்ன ஆர்டர் செய்தேன். ஸ்லைடின் பிரிவு அந்த இரண்டில்தான் நிற்க வேண்டும்.

ஷீட்டை ஆர்டர் தேதிப்படி அடுக்கியதும் ஒரு கோடு தெரிந்தது. தயாராக இருக்கும் 30-இல் 26 புத்தகங்கள் மே 24 அல்லது அதற்கு முன் வந்த ஆர்டர்கள். மீதி 4 பிந்தையவை. நடுவில் யாரோ அவசரம் என்று கேட்டதற்காக வரிசை தாண்டிக் கட்டப்பட்டவை. மறுபக்கம், மே 24-க்கு முன் வந்தும் கட்டப்படாமல் 2 புத்தகங்கள் கிடந்தன. அந்த இரண்டு பேர்தான் அதிகக் கோபத்தோடு இருக்கப்போகிறவர்கள்.

தீர்வு எளிது. கோட்டை மே 24-இல் வைத்து, விட்டுப்போன 2 புத்தகங்களை ஜூன் 2 காலை முதல் வேலையாகக் கட்டுவது. ஜூன் 3 பலகையில் இருந்து 4-ஆம் தேதி அவையும் கிளம்பும். ஜூன் 6 என்ற வாக்குக்குள் அடங்கிவிடும். தயாராக இருக்கும் பிந்தைய 4-ம் முதல் குழுவோடு போகட்டும். சொன்னதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் யாரும் புகார் சொல்லப்போவதில்லை. ஸ்லைடில் விதிவிலக்கு எதையும் எழுத வேண்டாம். ஒரு விதிவிலக்கைப் போட்டாலும் 86 பேரும் தாங்கள் அதில் இருக்கிறோமா என்று கேட்பார்கள்.

கேரசலுக்கு முன் தனிச் செய்தி

பொதுப் பதிவு தனிச் செய்திக்கு மாற்றாகாது. பணம் கட்டியவர் தன் ஆர்டர் தாமதம் என்பதை ஊரோடு சேர்ந்து தெரிந்துகொள்வது மரியாதை இல்லை. கேரசல் மாலை என்றால் 86 செய்திகளும் காலையிலேயே போயிருக்க வேண்டும்.

அனுப்பும் வழியில் இரண்டு பொறிகள். இன்ஸ்டாகிராமில் நம்மோடு முன்பு பேசாதவருக்கு அனுப்பும் செய்தி பெரும்பாலும் கோரிக்கைப் பெட்டிக்குப் போய்க் கண்ணில் படாமலே கிடக்கும். ஒரே வாசகத்தை வரிசையாகப் பலருக்கு அனுப்பினால் கணக்குக்கே தற்காலிகத் தடை விழலாம். அதனால் ஆர்டரில் கொடுத்த மின்னஞ்சல் அல்லது தொலைபேசி வழியே போவது நல்லது. மின்னஞ்சல் என்றால் ஒவ்வொருவருக்கும் தனியாக, அல்லது முகவரிகள் அனைத்தும் மறைநகல் கட்டத்தில். 86 பேரின் முகவரியை 86 பேருக்கும் காட்டிவிட்டால் அதற்கு இன்னொரு கேரசல் தேவைப்படும்.

செய்தி நான்கு வரி போதும்: உங்கள் ஆர்டர் எண் இது, இந்தத் தேதிக்குள் அனுப்புவோம், வேண்டாம் என்றால் 'ரத்து' என்று பதில் போடுங்கள், தாமதத்துக்கு மன்னிக்கவும். விளக்கமெல்லாம் கேரசலில் இருக்கட்டும்.

ஸ்லைடுகளின் வாசகம்

முதல் வரைவு வழக்கம்போல இப்படி வந்தது: 'எதிர்பாராத காரணங்களால் சில ஆர்டர்கள் தாமதமாகியுள்ளன. உங்கள் பொறுமைக்கும் புரிதலுக்கும் நன்றி.'

இதில் ஒவ்வொரு சொல்லும் தவறான வேலை செய்கிறது. நாளுக்கு 6 கட்டும் கையை வைத்துக்கொண்டு மூன்று வாரத்தில் 150 வாங்கினால் தேங்கும் என்பது எதிர்பாராதது இல்லை, பெருக்கல் கணக்கு. 18 வேலை நாளில் 108-க்கு மேல் முடியவே முடியாது. '150-இல் 86' என்பதைச் 'சில' என்றால், தன்னுடையது மட்டும்தான் மாட்டிக்கொண்டது என்று ஒவ்வொருவரும் நினைப்பார். 'தாமதமாகியுள்ளன' என்பதில் செய்தவர் யாரும் இல்லை. பொறுமை இன்னும் யாரும் தரவில்லை. தராததற்கு முன்கூட்டியே நன்றி சொல்வது கையைப் பிடித்து வாங்குவது போல.

மாற்றி எழுதியவை கீழே, வரிசைப்படி.

முதல் ஸ்லைடு: 'மே 12 முதல் 31 வரை ஆர்டர் செய்தவர்களுக்கு. உங்கள் நோட்டுப் புத்தகம் தாமதம். மன்னிக்கவும். எந்தத் தேதிக்குள் அனுப்புவோம் என்பது அடுத்த பக்கத்தில்.' பூங்கொத்துப் படம், வாடிய முகம், கைகூப்பிய சின்னம் எதுவும் வேண்டாம். யாருக்கு என்பது முதல் வரியிலேயே தெரிந்தால் மற்றவர்கள் கடந்து போகலாம், சம்பந்தப்பட்டவர் நிற்பார்.

இரண்டாவது, மேலே கடையின் பெயரோடு: 'தாமதமான ஆர்டர்கள்: அனுப்பும் தேதிகள். மே 24 வரை ஆர்டர் செய்த சாதாப் புத்தகம்: ஜூன் 6-க்குள். மே 25 முதல் 31 வரை ஆர்டர் செய்த சாதாப் புத்தகம்: ஜூன் 14-க்குள். பெயர் பொறித்தவை, எந்தத் தேதியில் ஆர்டர் செய்திருந்தாலும்: ஜூன் 21-க்குள். இவை கூரியரிடம் ஒப்படைக்கும் தேதிகள்.' காரணத்துக்கு முன்னால் தேதியை வைப்பதில் ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. முதல் ஸ்லைடைப் பார்த்துவிட்டுத் தள்ளாமல் போனவருக்கு இன்ஸ்டாகிராம் அதே கேரசலை மறுமுறை காட்டும்போது இரண்டாவது ஸ்லைடிலிருந்து காட்டுவது உண்டு. ஆகவே முதல் ஸ்லைடைப் பார்க்காதவருக்கும் இரண்டாவது தனியாகப் புரிய வேண்டும். அதனால்தான் அதன் தலைப்பில் கடையின் பெயரும் 'தாமதமான ஆர்டர்கள்' என்ற சொல்லும் வருகின்றன.

மூன்றாவது, என்ன நடந்தது என்பது: 'ஒரு நாளில் எங்களால் 6 புத்தகம்தான் கட்ட முடியும். அதைத் தெரிந்துகொண்டே மூன்று வாரத்தில் 150 ஆர்டர் வாங்கினோம். அவசரத்தில் பசை காயுமுன் பலகையிலிருந்து எடுத்ததால் 14 புத்தகங்களைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. கேட்டவர்களிடம் சரியாகப் பார்க்காமல் "நாளைக்கு" என்றோம். இந்த மூன்றும் எங்கள் தவறு. மன்னிக்கவும்.' துணி தீர்ந்ததை இங்கே சேர்க்கவில்லை. அது உண்மைதான், ஆனால் தவற்றை ஒப்புக்கொள்ளும் பத்தியில் விநியோகஸ்தரைக் கொண்டுவந்தால் அந்த ஒரு வரிதான் படிப்பவர் மனதில் நிற்கும், சாக்காக. பெயர் பொறிப்பதற்கு மட்டும் ஏன் 21 என்று கேட்பவருக்கு நேரில் சொல்லிக்கொள்ளலாம். 'நாளைக்கு' என்று சொன்னதை ஒப்புக்கொண்ட வரிதான் இந்த ஸ்லைடின் உயிர். தாமதத்தைவிட அந்தப் பதில்தான் மக்களை அதிகம் சுடுகிறது.

நான்காவது, வாங்கியவர் என்ன செய்யலாம் என்பது: 'காத்திருக்கச் சம்மதம் என்றால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். பணம் திரும்ப வேண்டும் என்றால் ஆர்டர் எண்ணோடு "ரத்து" என்று செய்தி அனுப்புங்கள். 2 வேலை நாளில் முழுத் தொகையும் திருப்பிவிடுவோம், வங்கியில் வந்து சேர அதன்பின் சில நாள் ஆகலாம். பெயர் பொறித்தவற்றை ஜூன் 9 வரை ரத்து செய்யலாம். 10-ஆம் தேதி துணி வெட்டத் தொடங்குகிறோம்.' காரணம் கேட்கக் கூடாது, படிவம் நிரப்பச் சொல்லக் கூடாது. தாமதமானால் ரத்து செய்யும் உரிமை பல நாடுகளில் சட்டத்திலேயே இருக்கிறது. அதைப் பெரிய மனது பண்ணித் தரும் சலுகைபோல எழுதினால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

தள்ளுபடிக் கூப்பன் போடலாமா என்ற கேள்வி இந்த இடத்தில் கட்டாயம் வரும். வேண்டாம். கூப்பன் என்பது இன்னொரு ஆர்டர் கொடுங்கள் என்ற அழைப்பு. ஆர்டர் அதிகமானதுதான் நோயே. ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் கட்டிய அனுப்புச் செலவைத் திருப்பிக் கொடுங்கள்.

ஐந்தாவது, இனி என்ன மாறுகிறது என்பது. இதில் ஒரு சோதனை வைத்துக்கொண்டோம்: ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் மாற்றப்பட்ட ஒரு அமைப்போ நாட்காட்டிக் குறிப்போ இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வரி போக வேண்டும். 'இன்னும் கவனமாக இருப்போம்', 'இனி இப்படி நடக்காது' இரண்டும் அதில் விழுந்தன. நின்றவை: 'ஜூன் 21 வரை புது ஆர்டர் இல்லை. ஜூன் 23 முதல் வாரத்துக்கு 26 ஆர்டர் மட்டும்: 18 சாதா, 8 பெயர் பொறித்தது. முடிந்ததும் கடை மூடும். அடுத்த திங்கள் காலை 10 மணிக்குத் திறக்கும். அனுப்பும் காலம் 10 வேலை நாள். அதற்குள் முடியாது எனத் தெரிந்தால், சொன்ன தேதிக்கு 2 நாள் முன்பே உங்களுக்குச் செய்தி வரும்.'

26 எங்கிருந்து வந்தது என்றால், 18 சாதாவுக்கு 3 நாள், 8 பெயர் பொறித்ததற்கு 2 நாள், ஆக 5 நாள். ஆறாம் நாள் காலியாக விடப்படுகிறது, கட்டு சரியில்லாததைத் திருப்பிச் செய்ய. அந்தக் காலி நாள் இல்லாததால்தான் 14 புத்தகம் மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளியது.

ஆறாவது, எங்கே கேட்பது என்பது: 'செய்திகளுக்குத் தினமும் மாலை 5 முதல் 7 வரை பதில் தருகிறோம். ஆர்டர் எண்ணைக் கமெண்டில் போடாதீர்கள், செய்தியில் அனுப்புங்கள். இந்தக் கணக்கிலிருந்தும் எங்கள் மின்னஞ்சலிலிருந்தும் மட்டுமே பேசுவோம். அட்டை எண், ஓடிபி எதையும் கேட்க மாட்டோம்.' கடைசி இரண்டு வரி அலங்காரம் இல்லை. கோபமான கமெண்டுகள் விழும் பதிவுகளைத் தேடி, கடையின் பெயரைப் போலவே கணக்கு தொடங்கி, 'பணம் திருப்பித் தருகிறோம்' என்று வரும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். ரத்து பற்றிப் பேசும் கேரசல் அவர்களுக்குத் தோதான இடம்.

படமாக்கும்போது

அளவு 1080-க்கு 1350 பிக்சல். முதல் ஸ்லைடின் வடிவ விகிதம்தான் மற்ற எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதால் ஆறும் ஒரே அளவில் இருக்க வேண்டும். சுயவிவரப் பக்கக் கட்டத்தில் 3-க்கு 4 விகிதம்தான் தெரியும். அங்கே இடதும் வலதும் தலா 34 பிக்சல் வெட்டுப்படும். சுற்றிலும் 80 பிக்சல் ஓரம் விட்டால் கவலை இல்லை. மேல் வலது மூலையில் '1/6' என்ற எண் வந்து உட்காரும், அங்கே எழுத்து வைக்க வேண்டாம்.

எழுத்தளவு 44 பிக்சலுக்குக் கீழே போகக் கூடாது. 1080 அகலப் படம் கைபேசியில் ஏறத்தாழ 390 புள்ளி அகலத்துக்குச் சுருங்குகிறது. 44 அங்கே 16 ஆகிவிடும். தேதிகள் மட்டும் 64-இல், தடித்த எழுத்தில். தமிழுக்கு வரி இடைவெளி 1.5 மடங்கு வேண்டும். அதற்குக் குறைத்தால் மேல்வரியின் 'கு', 'நூ' கீழே இறங்கி, கீழ்வரியின் 'கி', 'லீ' கொக்கியில் முட்டும். எழுத்துருவாக `Noto Sans Tamil` அல்லது `Mukta Malar` போதும்.

ஒரு இடத்தில் மட்டும் கண்ணை நன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். சில டிசைன் செயலிகள் தமிழ் எழுத்துகளைக் கோர்க்கத் தெரியாமல் 'கொடுப்போம்' என்பதில் கொம்பைக் 'க'வுக்குப் பின்னால் தள்ளி, காலைத் தனியாக நிறுத்திவிடும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுத்து அமைப்பில் `World-Ready Layout` தேர்ந்தெடுக்காவிட்டால் இதுதான் நடக்கும். செயலியில் சரியாகத் தெரிந்து ஏற்றுமதிக்குப் பின் உடைவதும் உண்டு. அதனால் 'கொ', 'போ', 'தை' வரும் சொற்களை ஏற்றுமதி செய்த படத்தில், கைபேசியில் பெரிதாக்கிப் பாருங்கள்.

நிறத்தில் ஒரே எச்சரிக்கை: நீலத்தின்மேல் சிவப்பு எழுத்து போன்றவை வேண்டாம். ஏற்றும்போது படம் மறுபடி அமுக்கப்படுகிறது. அதில் நிற விவரம் ஒளி விவரத்தைவிட அதிகம் இழக்கப்படும். கருமை வெளுமை வித்தியாசம் இருக்கும் எழுத்து தப்பிக்கும், நிற வித்தியாசத்தை மட்டும் நம்பிய எழுத்து விளிம்பு கலங்கிப்போகும். வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து சலிப்பாகத் தெரிந்தாலும் தேதி படிக்க அதுதான் உகந்தது.

வெளியிட்ட அன்று

வெளியிட்ட பிறகு ஸ்லைடின் படத்தை மாற்ற முடியாது. ஒரு ஸ்லைடை நீக்கலாம், விளக்கவுரையைத் திருத்தலாம். எனவே தேதிகளை ஒருவர் ஷீட்டைப் பார்த்து வாய்விட்டுப் படிக்க, மற்றவர் படத்தைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். கிழமையும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஜூன் 14, 21 இரண்டும் சனி.

அதே தேதிகள் விளக்கவுரையிலும் எழுத்தாக வர வேண்டும். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் திரைவாசிப்பான் படிப்பது உறுதியில்லை, ஒவ்வொரு ஸ்லைடுக்கும் மாற்றுரையும் கொடுங்கள். விளக்கவுரையின் வரம்பு 2,200 குறி. தமிழில் உயிர்மெய்யின் குறி தனியாக எண்ணப்படுவதால் நினைப்பதைவிடச் சீக்கிரம் தீரும். திரையில் விரிக்காமல் தெரிவது முதல் ஓரிரு வரிதான், அதில் மூன்று தேதிகளையும் அடக்கிவிடுங்கள்.

பதிவைச் சுயவிவரத்தின் மேலே பொருத்தி வைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரங்களை நிறுத்துவதும், முன்பே நேரம் குறித்து வைத்த விற்பனைப் பதிவுகளை எடுப்பதும் அதற்கு முன்பே நடக்க வேண்டிய வேலை. மன்னிப்புக்கு இரண்டு மணி நேரம் கழித்து 'புது வண்ணங்கள் வந்தாச்சு' என்று ஒரு பதிவு தானாக வந்து விழுந்தால் எழுதிய எதற்கும் பொருள் இருக்காது.

கடை மென்பொருளில் இருப்பு எண்ணை அமைக்கும்போது இரண்டு இடத்தில் தவறு வரும். சாதாப் புத்தகம் மூன்று நிறத்தில் இருந்தால், ஒவ்வொரு நிறத்துக்கும் 18 என்று போட்டுவிடுவது முதல் தவறு. 54 ஆர்டர் உள்ளே வந்துவிடும். நிறத்துக்கு 6 என்று பிரிக்க வேண்டும். இரண்டாவது, ரத்து செய்து பணம் திருப்பும்போது 'இருப்பில் மீண்டும் சேர்' என்ற தேர்வு தானாக இயங்கிக் கிடப்பது. யாராவது ரத்து செய்தால் ஒரு இருப்பு கூடி, மூடிய கடை அந்தப் பொருளுக்கு மட்டும் சத்தமில்லாமல் திறந்துவிடும். ஜூன் 21 வரை அந்தத் தேர்வு அணைந்திருக்க வேண்டும்.

அடுத்த மூன்று வாரம்

கமெண்டை மூட வேண்டாம். கோபமான கமெண்டை நீக்கவும் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் 'செய்தி அனுப்பியிருக்கிறோம், பாருங்கள்' என்று ஒரு வரி போட்டு, உண்மையிலேயே அனுப்புங்கள்.

'எப்போது வரும்?' என்று வரும் செய்திகளை எந்தக் குழுவிலிருந்து வருகின்றன என்று ஷீட்டில் கோடு போட்டு எண்ணுவது பயன் தரும். மூன்று குழுவிலிருந்தும் வந்தால் இரண்டாவது ஸ்லைடு கண்ணில் படவில்லை. அதை மட்டும் எடுத்து ஸ்டோரியில் போடலாம். ஒரே குழுவிலிருந்து குவிந்தால் அந்தக் குழுவின் வாசகம் புரியவில்லை. மே 24 இரவு ஆர்டர் செய்தவர்கள், பணம் மறுநாள் கழிந்ததால் தாங்கள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் கேட்பார்கள். அதற்குப் பதிலை விளக்கவுரையிலேயே சேர்க்கலாம்: 'ஆர்டர் உறுதிச் செய்தியில் இருக்கும் தேதிதான் கணக்கு.'

இரண்டு நாளுக்கு ஒருமுறை ஸ்டோரியில் ஒரே ஒரு வரி: '86-இல் 32 அனுப்பியாயிற்று.' எண் மட்டும், படம் வேண்டாம். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் அதே எண்ணைக் கேரசலின் கீழே பொருத்தி வைத்த கமெண்டிலும் போட வேண்டும். ரத்தானவற்றை 86-இலிருந்து கழித்துக் காட்டுங்கள். அனுப்பியதாகச் சேர்க்கக் கூடாது.

ஏதாவது ஒரு தேதி நழுவும் எனத் தெரிந்தால் பழைய கேரசலை அழிக்காமல், அந்தக் குழுவுக்குத் தனிச் செய்தி, விளக்கவுரையின் முதல் வரியில் புதுத் தேதி, எந்த நாளில் திருத்தினோம் என்ற குறிப்பு. மற்ற இரண்டு குழுவின் தேதி மாறவில்லை என்பதையும் அங்கேயே சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவர்களும் கேட்கத் தொடங்குவார்கள்.

கடைசிப் பொட்டலம் கூரியரிடம் போன அன்று விளக்கவுரையின் முதல் வரி 'எல்லா ஆர்டர்களும் அனுப்பப்பட்டன' என்று தேதியோடு மாறுகிறது. பொருத்தி வைத்ததை அன்றே எடுக்க வேண்டாம். கூரியர் வழியில் இருப்பவர்கள் இன்னும் வந்து பார்ப்பார்கள், ஜூன் 23 கடை திறக்கும்போது வருபவர்களுக்கும் 26 என்ற வரம்பு பற்றிய விவரம் ஐந்தாவது ஸ்லைடில்தான் இருக்கிறது. அந்த வாரத்து 26 பேரின் பொட்டலமும் 10 வேலை நாளுக்குள் கிளம்பிய பிறகு எடுத்துவிடலாம்.